அந்த விளக்கு யாருடையது? தோழியின் நாவல் முடிவைப் பற்றி அவளுக்கு ஒரு கடிதம்

பாம்பன் வாசகி

என் தோழி எழுதிய நாவலை இங்கே பலர் வாசித்திருக்கிறீர்கள். அவளுக்கு நான் எழுதிய கடிதத்தை அவள் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். முடிவைப் பற்றியே பேசுவதால், இன்னும் வாசிக்காதவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

அன்புத் தோழிக்கு,

பிடித்ததை முதலில் சொல்கிறேன். என் கேள்வியே அதிலிருந்துதான் வருகிறது.

செல்வராணி பாசி எடுக்கப் போகும் பகுதிகளில் நீ கடலை வர்ணிக்கவே இல்லை. விரல்களில் துணி சுற்றுகிறாள், ரப்பர் செருப்பை இறுக்கிக்கொள்கிறாள், கண்ணாடி மாட்டுகிறாள், முங்குகிறாள். தீவுப் பக்கம் வனத்துறைப் படகு வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்கிறாள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் வேலை, மற்ற நாட்களில் கரையில் பாசியைக் காய வைப்பது. புருஷன் காணாமல் போன மறுமாசமே அவள் மறுபடி தண்ணீரில் இறங்குகிறாள். துக்கம் என்று ஒரு வார்த்தை எழுதாமல் அவள் மூச்சை அடக்குகிற நேரம் குறைந்துகொண்டே வருவதை மட்டும் காட்டினாய். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்று, நீ கடலை இரண்டாகப் பிரித்துக்கொண்ட விதம். அவள் புருஷன் அருளப்பன் போனது வடகடலில். ஆடி மாசம், கச்சான் காற்று, தென்கடல் கொந்தளிக்கும் என்பதால் எல்லோரும் வள்ளத்தை வடகரைக்கு மாற்றியிருந்த நேரம். செல்வராணிக்குப் பிழைப்பு தென்கடலில். அதனால் ஏழு வருஷமும் அவள் வடகரைப் பக்கம் திரும்பவே இல்லை. நம் பாம்பன் தீவு அங்கே எவ்வளவு ஒடுக்கம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் பாரம் புரியும். ராத்திரி படுத்தால் இரண்டு அலைச் சத்தமும் கேட்கும் வீட்டில் இருந்துகொண்டு ஒரு கரையை மட்டும் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டாள்.

அப்புறம் மாமியார். உன் நாவலின் உயிர் அவர்தான். வருஷா வருஷம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறார். மகன் போட்டோவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நெடுந்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த சனங்களிடம் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் வாசலிலேயே போய்த் தேடுகிறார். அந்த அத்தியாயங்களைப் போல நம் பக்கத்தைப் பற்றி நான் எங்கும் வாசித்ததில்லை.

இனி கேள்வி. முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ராமநாதபுரம் கோர்ட்டிலிருந்து தீர்ப்பு வருகிறது. அருளப்பன் இறந்துவிட்டதாகக் கருதலாம். செல்வராணி நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். கடைசி அத்தியாயத்தில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. அவள் உள்ளே போகாமல் அந்த வாசலைத் தாண்டி முதல் முறையாக வடகரைக்கு நடக்கிறாள். கடலில் ஒரு விளக்கு. "விளக்கு கரையை நோக்கி வந்தது." முடிந்தது.

நாவல் முழுக்க நான் செல்வராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரோடு ஒரே வீட்டில் இனி எப்படி இருக்கப் போகிறாள் என்பதுதான் என் கவலை. கடைசி வரியில் நீ என் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி, "வருவானா, வரமாட்டானா" என்று கேட்க வைத்துவிட்டாய். அது மாமியாருடைய கேள்வி. செல்வராணி அதைத் தாண்டி வர உனக்கு முந்நூறு பக்கம் ஆனது. அவளை ஏன் திரும்ப அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாய்?

அந்தத் தீர்ப்பு வந்த நாளில் மாமியார் எங்கே? அந்த அத்தியாயத்தில் அவரை நான் தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தோழி

கோவை வாசகன்

கடிதம் அருமை. ஆனால் முடிவைப் பற்றி எனக்கு உடன்பாடில்லை. எழுத்தாளர் எதையும் மூடாமல் விட்டதுதான் அழகு. சட்டம் செத்துவிட்டான் என்கிறது, கடல் ஒரு விளக்கை அனுப்புகிறது. கடைசி வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வருகிறான் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

வடகடல் மகன்

கோவை அண்ணே, எங்க ஊர்க்காரன் யாரும் அந்த விளக்கைப் பார்த்து அப்படி நினைக்க மாட்டான். ராத்திரி வலை போடுகிற வள்ளம் எல்லாமே விளக்கு வைத்திருக்கும். வடகரையில் நின்றால் எந்த ராத்திரியும் நாலு விளக்காவது தெரியும். அதில் ஒன்று கரைக்குத் திரும்புவது பெரிய விஷயமே இல்லை. ஏழு வருஷம் அந்தப் பக்கம் வராத பொம்பளை முதல் தடவையாக, சாதாரணமாக ஒருத்தன் தொழில் முடித்து வருவதைப் பார்க்கிறாள். அப்பா அந்த வரியை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாரோ வீட்டுக்கு வாரான்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அருளப்பன் உயிரோடு இருக்கிறதுக்கு வழி இருக்கு. எழுத்தாளர் அக்கா மாசத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். வாடையில் எஞ்சின் நின்றுபோனால் காற்று நம்ம கரைப் பக்கம்தான் தள்ளும். ஆடியில் கச்சான் மேற்கே இருந்து அடிக்கும், வள்ளம் தலைமன்னார் பக்கம் ஒதுங்கும். மாமியார் அந்தப் பக்கத்து ஆட்களிடம் போட்டோ காட்டுவது சும்மா பாசத்தில் இல்லை, காற்றுக் கணக்குத் தெரிந்த கிழவி அது. இலங்கை ஜெயிலில் இருக்கலாம் அவன்.

தங்கச்சிமடம் டீச்சர்

தம்பி, காற்றைப் பற்றிச் சொன்னது சரி, ஜெயில் விஷயம் சரியில்லை. அந்தப் பக்கம் பிடிபட்டால் பெயர் வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, மீன்வளத்துறைக்குப் பட்டியல் வரும், மீனவர் சங்கத்துக்கு அதற்கு முன்பே போன் வந்துவிடும். பிடிபட்டவன் வீட்டுக்காரி அழுவாள், ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருஷம் ஒரு பட்டியலிலும் பெயர் இல்லாத ஆளை ஜெயிலில் தேட முடியாது. நாவலிலேயே அந்த இடம் வருகிறது: விடுதலையாகி வந்தவர்களைப் பார்க்க மாமியார் ஜெட்டிக்குப் போய் நிற்பார், ஒவ்வொருவராக இறங்குவார்கள்.

எனக்கு வேறொரு சந்தேகம். ஏழு வருஷம் முடிந்த அன்றைக்கு இறந்ததாகத்தானே சட்டம் எடுத்துக்கொள்ளும்? அப்படியானால் ஆடியில் ஒரு தேதி கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு எதற்கு நவம்பர் 2?

சாயல்குடி பொண்ணு

நாவல் இன்னும் வாசிக்கவில்லை, மன்னிக்கவும். தலைப்பைப் பார்த்து வந்தேன். எங்கள் சித்தப்பாவும் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, மூன்று வருஷம் ஆகிறது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். இறப்புச் சான்றிதழ் கேட்டால் உடம்பு கிடைக்கவில்லை, ஏழு வருஷம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். சித்தி பெயருக்கு ஒன்றும் மாற்ற முடியவில்லை. சுனாமி சமயத்தில் உடம்பு கிடைக்காதவர்களுக்கும் கொடுத்தார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்த நாவலில் எப்படி வாங்கினார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

ராம்நாடு குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி வழக்குக் கட்டுகளைத் தைத்திருக்கிறேன். மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிள்ளைக்கு. சுனாமியிலும், 2017 ஒக்கி புயலிலும் ஒரே நாளில் பல பேர் போனார்கள், அந்த அழிவே சாட்சி. அதனால் அரசாங்கம் ஏழு வருஷம் காத்திருக்காமல் விசாரித்துக் கொடுக்கத் தனி ஏற்பாடு செய்தது. ஒரே ஒரு ஆள், புயல் எச்சரிக்கையும் இல்லாத ஒரு ராத்திரியில் போனால் அந்த ஏற்பாடு தானாக வராது. ஆனாலும் சும்மா இருக்காதீர்கள். புகார் ரசீது, காவல் நிலையத்தில் "தேடியும் கிடைக்கவில்லை" என்று எழுத்தில் ஒரு சான்று, அன்றைக்குக் கூடப் போனவர்கள் அல்லது கடைசியாகப் பார்த்தவர்கள் பெயர், எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். ஏழு வருஷம் என்பது கடைசியாகத் தகவல் இருந்த நாளிலிருந்து ஓடும், புகார் கொடுத்த நாளிலிருந்து இல்லை. அவர் இறந்தார் என்று காட்ட நேரடி ஆதாரம் ஏதாவது இருந்தால், உதாரணமாகக் கூட இருந்தவர் அவர் முங்கியதைப் பார்த்திருந்தால், ஏழு வருஷம் வரை காத்திருக்க வேண்டும் என்றே கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ராமநாதபுரத்தில் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. சித்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள், பெண்களுக்கு வக்கீல் இலவசம்.

டீச்சரம்மாவுக்கு. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 111. அது சொல்வது இவ்வளவுதான்: ஏழு வருஷமாக ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எந்தத் தேதியில் இறந்தார் என்று அது சொல்வதில்லை. 2004இல் ஒரு எல்.ஐ.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. காணாமல் போன நாளிலோ ஏழாவது வருஷக் கடைசி நாளிலோ இறந்ததாக வைத்துக்கொள்ள முடியாது. தேதி வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஆதாரம் கொடுக்க வேண்டும்.

ஆக செல்வராணி கையில் வாங்கிக்கொண்டு வந்த தீர்ப்பில் நினைவுநாள் கிடையாது. ஆண்டுப் பூசை எந்த நாளில் வைப்பாள்? எல்லா இறந்தவர்களுக்கும் பொதுவான ஒரே நாள் நவம்பர் 2. எழுத்தாளர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்த நாள் மிகச் சரி.

இப்போது கடிதம் எழுதிய அம்மாவுக்கு. மாமியார் எங்கே என்று கேட்டீர்கள். ஏழு வருஷம் யாருக்குத் தகவல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதையும் அந்தப் பிரிவு சொல்கிறது. அவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு. மனைவிக்கு வந்திருக்கும், பிள்ளைக்கு வந்திருக்கும், முக்கியமாகப் பெற்ற தாய்க்கு வந்திருக்கும். மனைவி மட்டும் கூண்டேறினால் அரசு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி, "அவங்க அம்மா என்ன சொல்றாங்க?" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் ஆபீஸில் தாய் உயிரோடு இருந்தால் அவரைச் சாட்சியாகப் போடாமல் வழக்கு நகராது.

அந்த அம்மா என்ன சொல்ல வேண்டும்? "என் மகன் இறந்துவிட்டான்" என்று சொல்ல வேண்டியதில்லை. "இந்தத் தேதிக்கு அப்புறம் அவனைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் வரவில்லை, எங்கெங்கோ தேடினேன்" என்று சொன்னால் போதும். எப்படித் தேடினீர்கள் என்று வக்கீல் கேட்பார். கச்சத்தீவுக்குப் போட்டோ கொண்டுபோனதைச் சொல்வார். எத்தனை திருவிழா, யார் யாரிடம் காட்டினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம் பதிவாகும். வழக்குக் கட்டில் அதைவிட வலுவான சாட்சியம் வேறு இருக்காது.

பாம்பன் வாசகி

ஐயா, இதை வாசித்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மகன் இருக்கிறான் என்று நம்பித்தான் அவர் ஒவ்வொரு மாசியிலும் படகேறினார். அந்தப் பயணங்களே அவன் இல்லை என்பதற்குச் சாட்சியாக மாறுகின்றன. அதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், கேட்டுக்கொண்டு மருமகள் அதே ஹாலில் உட்கார்ந்திருப்பாள்.

தோழி, இதுதான் நான் தேடிய அத்தியாயம். எனக்குப் பெயர் தெரியாமல் "மாமியார் எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாட்சி சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தானே பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்திருப்பார்கள்? நீ செல்வராணியைத் தனியாக பஸ் ஏற்றியிருக்கிறாய். இந்தக் காட்சி உன் கதைக்குள்ளேயே இருந்தது. நீ போட்டு வைத்த ஒவ்வொன்றும் அதை நோக்கித்தான் போகிறது. கடைசியில் எழுதாமல் விட்டதால்தான், அந்த இடத்தை நிரப்ப விளக்கு தேவைப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சிமடம் டீச்சர்

குமாஸ்தா ஐயாவுக்கு நன்றி, தேதி விஷயம் இன்றுதான் தெரிந்தது.

ஆனால் கோர்ட் காட்சி வந்திருந்தால் நாவல் அங்கேயே முடிந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் பங்குக் கோயிலில் வேறொன்று இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்போம், பூசையில் அந்தப் பெயர்களுக்காக வேண்டுவார்கள். கோர்ட்டில் வக்கீல் எழுதியதற்குக் கீழே கையெழுத்து போடலாம். கோயிலில் புருஷன் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். ஊரில் கோர்ட்டுக்குப் போனதை மறைக்கலாம், பூசையில் பெயர் வாசித்தால் மறைக்க முடியாது. மாமியார் இன்னொரு பக்கம் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒரே கோயிலில் ஒரே ஆளுக்கு இரண்டு விதமான வேண்டுதல். செல்வராணி கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டிப் போனாள் என்றால் பெயர் எழுதிக் கொடுக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பெயர் கொடுத்திருந்தால் வாசலில் நின்றிருப்பாள். அதனால் முடிவு திறந்தே இல்லை. அவள் முடிவெடுத்துவிட்டாள்: சர்க்கார் காகிதத்துக்கு அவன் இல்லை, கோயிலுக்கு இன்னும் இருக்கிறான். மாமியாருக்காக அவள் விட்டுக்கொடுத்தது அது.

கோவை வாசகன்

இந்த வழக்கம் எதுவும் தெரியாமல்தான் வாசித்தேன். வடகடல் தம்பியின் அப்பா சொன்ன "யாரோ வீட்டுக்கு வாரான்" எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், டீச்சர் சொல்வது அங்கேயே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். என்னைப் போன்றவனுக்கு அந்த வாசல் வெறும் வாசல். நாவலில் பெயர்ப் பட்டியல் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம் இல்லையா?

உப்புக்கரை

நாவலை எழுதியவள் நான்தான். எல்லாவற்றையும் வாசித்தேன். எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

தோழி, நீ கேட்ட அத்தியாயத்தை எழுதியிருந்தேன். மாமியார் கூண்டில் ஏறி, போட்டோவை எடுத்து நீதிபதியிடமே காட்டி, "நீங்க பார்த்தீகளா ஐயா?" என்று கேட்பார். அதுவரை எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி. நாவலில் நான் எழுதியதிலேயே அந்தப் பக்கங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. எடுத்துவிட்டேன். ஏன் என்றால், அதைப் படித்த பிறகு செல்வராணியை யாரும் மன்னிக்க மாட்டார்கள் என்று பட்டது. ஒரு தாயைக் கூண்டில் ஏற்றியவள் என்றுதான் பார்ப்பார்கள். அவள் மகளின் படிப்புக்கும், அருளப்பன் வாங்கிய முன்பணக் கடனைத் தீர்க்கவும்தான் கோர்ட்டுக்குப் போனாள் என்பது பின்னால் போய்விடும். இதே மாதிரி வழக்குக்குப் போனதற்காக ஊரில் பேச்சு வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு எதிரான ஒரு காட்சியை எழுத எனக்குக் கை வரவில்லை.

டீச்சர், பெயர் கொடுக்காமல் விட்டாள் என்று நீங்கள் வாசித்தது சரிதான். கோவை நண்பர் சொல்வதும் நியாயம். அதை வெளிப்படையாகச் சொன்னால் கனம் குறைந்துவிடும் என்று நினைத்தேன், உள்ளூர் வாசகருக்காக மட்டும் ஒரு கதவை வைத்தேன்.

விளக்கு யாருடையது என்று எனக்கும் முடிவு கிடையாது. ஆனால் தம்பியின் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் சொன்ன மாதிரி வாசிக்கப்பட்டால் எனக்குச் சந்தோஷம்.

பாம்பன் வாசகி

நீ சொல்வது புரிகிறது, ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. செல்வராணியை வாசகர்கள் மன்னிப்பார்களா என்று நீ பயந்தாய். முந்நூறு பக்கம் அவளோடு முங்கி எழுந்தவர்கள் அவளை அப்படி விட்டுவிட மாட்டோம். இன்னொன்று, மாமியாரும் வற்புறுத்தலால்தான் கூண்டேறினார் என்று ஏன் வைத்துக்கொள்கிறாய்? ஐயா, வாரிசுரிமைக்காகக் கேட்கிறேன், அருளப்பன் சொத்தில் மாமியாருக்குப் பங்கு உண்டா?

ராம்நாடு குமாஸ்தா

கிறிஸ்தவக் குடும்பம், மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைக்கு. தாய்க்கு ஒன்றும் வராது. இந்துக் குடும்பமாக இருந்தால் தாயும் ஒரு வாரிசு.

பாம்பன் வாசகி

அப்படியானால் அவர் சாட்சி சொல்வதில் அவருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. பேத்திக்காக ஏறியிருக்கலாம். மகன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டே, பேத்தி படிக்கட்டும் என்று "தகவல் இல்லை" என்ற உண்மையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நம்பிக்கையையும் விடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அந்த மாமியாரால் இது முடியும். அடுத்த பதிப்பு வருவதற்குள் அந்தப் பக்கங்களை எனக்காவது அனுப்பு.

உப்புக்கரை

பேத்தி என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அனுப்புகிறேன். சேர்ப்பேன் என்று இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சாயல்குடி பொண்ணு

குமாஸ்தா ஐயா, சித்தியிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிறோம். சித்தப்பாவோடு அன்றைக்கு இன்னொரு வள்ளத்தில் போன ஒருவர் இப்போது மண்டபத்தில் இருக்கிறார். அவர் எஞ்சின் சத்தம் நின்றதைக் கேட்டதாக அப்போதே சொன்னார். முங்கியதைப் பார்க்கவில்லை. அவர் சொல்வதை எழுதி வாங்கினால் உதவுமா?

ராம்நாடு குமாஸ்தா

அது மட்டும் போதாது, ஆனால் எழுதி வாங்குங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கம் காற்று அடித்தது என்பதும் அதில் இருக்கட்டும். அவரையும் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது.